ஐந்து மணி பஸ்

ஜூன் 10, நெல்லை புதிய பேருந்து நிலையம்

கோவையிலிருந்து இரவெல்லாம் உட்கார்ந்து வந்த முதுகுக்கு ஜன்னலோர இருக்கை ஒன்று வேண்டியிருந்தது. பாபநாசம் போகும் பஸ், நிலையத்துக்குள் திரும்பி முழுதாக நிற்பதற்குள், வெளியிலிருந்து ஜன்னல்கள் வழியே துண்டு, மஞ்சள் பை, ஒரு குடை, ஒரு பள்ளிக்கூடப் பை எல்லாம் உள்ளே விழுந்தன. நான் படியேறி உள்ளே போனபோது பாதி பஸ் காலியாக இருந்தது. ஆனால் உட்கார ஓர் இடமும் இல்லை.

இதில் எனக்கு அதிசயப்பட உரிமை கிடையாது. நான் இந்த ஊர்க்காரன். அப்பாவின் துண்டைச் சுருட்டி எறிந்து இடம் பிடித்துத்தான் வளர்ந்தேன். ஆனால் இருபது வருடமாகக் கல்லூரியில் சமூகவியல் சொல்லிக்கொடுத்து வயிறு வளர்ப்பவனுக்கு அவ்வப்போது ஒரு விஷப்பரீட்சை செய்யத் தோன்றும். மூன்றாவது வரிசையில் கிடந்த ஈரிழைத் துண்டை மடித்துப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

யாரும் திட்டவில்லை. பின் இருக்கைப் பெரியவர், "தம்பி, அங்கே ஆள் வருகிறது" என்றார். நான் தலையாட்டினேன், எழுந்திருக்கவில்லை. அவர் கோபப்படாமல், எனக்குக் காது கேட்கவில்லையோ என்ற கவலையோடு, துண்டைச் சுட்டிக்காட்டி மறுபடியும் சொன்னார். எதிர் வரிசைப் பெண்கள் இருவர் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எனக்கு உள்ளங்கை வியர்த்தது. முகத்தைச் சுளித்து வயிற்றைப் பிடித்துக்கொள்ளலாமா, நோயாளி என்றாலாவது இந்தப் பார்வைகள் விலகுமே என்று ஓடியது புத்தி.

ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் 1970களின் தொடக்கத்தில் நியூயார்க் சுரங்க ரயிலில் தம் மாணவர்களை ஒரு வேலைக்கு அனுப்பினார். உட்கார்ந்திருப்பவரிடம் போய், காரணம் எதுவும் சொல்லாமல், "உங்கள் இருக்கையைத் தர முடியுமா" என்று கேட்க வேண்டும். நூற்றுக்கு 68 பேர் இடம் கொடுத்தார்கள், அல்லது நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஆனால் கேட்பதுதான் பெரும்பாடாக இருந்தது. மில்கிராம் தாமே போய்க் கேட்கப் பார்த்தபோது வார்த்தை தொண்டையில் சிக்கிக்கொண்டது. இடம் கிடைத்தபின், தம் வேண்டுகோளுக்கு நியாயம் சேர்க்க உடம்பு சரியில்லாதவர் போலத் தலையைக் கவிழ்த்துக்கொண்டாராம். எழுதப்பட்ட சட்டம் ஒன்றும் அங்கே இல்லை. எழுதாத வழக்கத்தை மீறும்போது உடம்புதான் முதலில் தண்டனை அனுபவிக்கிறது.

துண்டுக்காரர் வந்தார். என்னையும் பார்த்தார், துண்டையும் பார்த்தார். நான் எழுந்துவிட்டேன். வீரவநல்லூர் வரை நின்றுகொண்டே பயணம்.

ஜூன் 11, அக்கா வீடு

அக்காவைக் கொடுத்திருக்கும் ஊர் வீரவநல்லூருக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் இடையில், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிறது. பெயர் வேண்டாம். நாளைக்கு நான் எழுதப்போகும் விஷயத்தால் அத்தானுக்கு ஊரில் சங்கடம் வரக்கூடாது.

வீட்டு வாசலில் இரட்டைக் கதவு. காலையில் பெட்டியை உள்ளே கொண்டுபோக வசதியாக இடப்பக்கக் கதவையும் திறக்கப் போனேன். அக்கா மகள், எட்டாம் வகுப்பு, அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். "மாமா, அதைத் திறக்கக் கூடாது!" ஏன் என்றேன். அதைத் திறந்தால் வீட்டில் காசு தங்காது, லட்சுமி அந்தப் பக்கமாகப் போய்விடுவாள் என்றாள். சொல்லிவிட்டு, இதுகூடத் தெரியாதா என்று என்னைப் பார்த்தாள்.

எனக்குத் தெரியும். அக்கா கல்யாணமாகி வந்த வருடம் நானே பார்த்திருக்கிறேன். இடப்பக்கக் கதவின் மேல் கீல் ஆட்டம் கண்டிருந்தது. ஆசாரி வரும்வரை அதைத் தொட வேண்டாம் என்று அக்காவும் அத்தானும் பேசிக்கொண்டார்கள். ஆசாரி வர ஒன்றரை வருடமானது. அதற்குள் இருவருக்கும் கை பழகிவிட்டது. தாழ்ப்பாள் பக்கம் கை போகாது. கதவின் பின்னால் குடை மாட்ட ஆணி அடித்தாயிற்று, கீழே செருப்புப் பலகையும் வந்துவிட்டது. கீல் சரியானபோது திறப்பதற்கு இடமில்லை.

பீட்டர் பெர்கர், தாமஸ் லக்மன் என்ற இரு சமூகவியலாளர்கள் 1966இல் எழுதியதை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், இப்படி ஒரு கதவை உதாரணமாகக் காட்டியதில்லை. இருவர் சேர்ந்து ஒரு வேலையைத் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி செய்தால் அது பழக்கமாகிறது. ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டாம் என்ற நிம்மதிதான் அதன் லாபம். ஆனால் அந்த இருவருக்கும் அது தாங்கள் செய்தது என்று தெரியும், வேண்டாம் என்றால் நாளைக்கே மாற்றிக்கொள்வார்கள். மூன்றாவது ஆள் வரும்போதுதான் விஷயம் இறுகுகிறது. குழந்தை பிறக்கிறது. பழக்கம் உண்டானதை அது பார்க்கவில்லை, உண்டாகி முடிந்ததை மட்டும் பார்க்கிறது. அதற்கு அந்தக் கதவு சுவரின் ஒரு பகுதி. ஏன் என்று அது கேட்கும்போது பெற்றோருக்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது. "கீல் ஆடியது" என்பது இப்போது செல்லாத காரணம். எனவே லட்சுமி வருகிறாள்.

இதில் நான் எதிர்பாராதது ஒன்று. மத்தியானம் அக்காவிடம் கீல் கதையை நினைவுபடுத்தினேன். சிரித்தாள், "ஆமாம், அந்த ஆசாரி!" என்றாள். பிறகு, "ஆனால் இவள் சொல்வதிலும் ஏதோ இருக்கத்தான் செய்கிறதப்பா, ஒரு நாள் திறந்தோம், அந்த வாரமே மாடு செத்தது" என்றாள். மகளுக்குச் சொன்ன காரணம் திரும்பி வந்து தாயைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஜூன் 12, வயக்காடு

இந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த நாள் இது. அதனால் நீளமாக எழுதப்போகிறேன்.

காலை ஆறு மணிக்கு அத்தானோடு மடைக்குப் போனேன். பொதிகை மலைமேல் மேகம், முகத்தில் சாரலின் ஓரம். ஊரின் நீர்ப்பாய்ச்சி அங்கே இருந்தார். எழுபது வயதிருக்கும், தோளில் மண்வெட்டி. அவருடைய அப்பாவும் இதே மடைக்கு நீர் பாய்ச்சியவர். கால்வாய் எப்படி வந்தது என்று முதலில் அவரே ஆரம்பித்தார். கன்னட தேசத்து அந்தணர் ஒருவர் அகத்தியர் சொற்படி ஒரு பசுவின் பின்னால் நடந்தாராம். பசு நடந்த தடமெல்லாம் கால்வாய், படுத்த இடம் குளம், கோமியம் விட்ட இடம் மடை. "பசு காட்டிய வழியை மனிதன் மாற்ற முடியுமா தம்பி?" என்றார். மடை எங்கே இருக்க வேண்டும் என்று ஊர் ஊராகச் சண்டை போடாமலிருக்க இதைவிட நல்ல கதையை நான் கேட்டதில்லை.

இந்த மடையின் கீழ் மூன்று வயல்பத்துகள்: மேலப்பத்து, நடுப்பத்து, கீழப்பத்து. கால்வாயில் தண்ணீர் தாராளமாக வந்தால் மூன்றும் சேர்ந்து பாயும். குறைந்தால் முறை வைப்பார்கள். ஒரு சாயங்காலம் தொடங்கி மறு சாயங்காலம் வரை ஒரு பத்துக்கு, அடுத்து இன்னொன்றுக்கு. மூன்று நாளில் ஒரு சுற்று. முறை கை மாறுவது ஐந்து மணி பஸ் வரும்போது.

ஐந்து மணிக்கு அல்ல, ஐந்து மணி பஸ் வரும்போது. அந்த பஸ் இப்போது ஐந்தே முக்காலுக்குத்தான் வருகிறது. பல வருடங்களுக்கு முன்பே தடத்தை நீட்டி நேரத்தை மாற்றிவிட்டார்கள். ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் அது ஐந்து மணி பஸ்தான்.

ஏன் பஸ் என்று கேட்டேன். நீர்ப்பாய்ச்சிக்கு முழுக்கதையும் தெரிந்திருந்தது. அவர் சிறுவனாக இருந்தபோது மேலப்பத்தில் ஒரு பெரிய வீடு, நடுப்பத்தில் ஒரு பெரிய வீடு. பொழுது சாயும்போது முறை மாறும் என்பது பழைய ஏற்பாடு. சாய்ந்துவிட்டது என்று ஒருவர் சொல்வார், இன்னும் இல்லை என்று மற்றவர் சொல்வார். மேகம் மூடிய நாளில் கைகலப்பு வரை போகும். அப்போதுதான் ஊருக்கு பஸ் விட்டார்கள். கடைசி வளைவில் அது அடிக்கும் ஹாரன் இரண்டு பத்துக்கும் கேட்கும். அதை யாரும் முன்னேயோ பின்னேயோ தள்ள முடியாது. இரண்டு வீட்டாரும் ஒத்துக்கொண்டார்கள். கீழப்பத்துக்காரர்களை யாரும் கேட்கவில்லை. அவர்களிடம் சொன்னார்கள், அவ்வளவுதான். கீழப்பத்து எந்தத் தெருவுக்காரர்களுடையது என்று நெல்லைச் சீமையில் பிறந்தவர்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை.

கேட்டுக்கொண்டிருந்த கீழப்பத்து இளைஞர் ஒருவருக்கு இது புதுச் செய்தி. "பஸ்ஸில் மாற்றுவது ஊர் உண்டானதிலிருந்து இருக்கும் வழக்கம் என்றல்லவா நினைத்தேன்" என்றார். ஊருக்கு பஸ் வந்ததே அவருடைய தாத்தா காலத்தில்தான் என்பது அவருக்கும் தெரியும். அந்த இரண்டு விஷயமும் அவர் மனத்தில் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை.

பஸ் தாமதமானால் தகராறு வராதா? சனிக்கிழமைகளில் அரைமணி பிந்துமாம். அன்று முறையை விட்டுக்கொடுப்பவருக்கு அரைமணி லாபம், வாங்குபவருக்கு நஷ்டம். வரப்பில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வாரம் ஏழு நாள், சுற்று மூன்று நாள். ஏழை மூன்றால் வகுத்தால் ஒன்று மீதி. எனவே ஒவ்வொரு சனிக்கிழமையும் முறை ஒரு பத்து தள்ளி விழும். மூன்று வாரத்தில் ஒவ்வொரு பத்தும் ஒரு முறை லாபமும் ஒரு முறை நஷ்டமும் அடைந்து கணக்கு நேராகிவிடும். இதை யாரும் திட்டமிடவில்லை. நான்கு பத்துகள் இருந்திருந்தாலும் இப்படித்தான் சுழன்றிருக்கும். ஏழு பத்துகள் இருந்திருந்தால் சனிக்கிழமை நஷ்டம் ஒரே பத்தின் தலையில் விடிந்து, பஸ் வழக்கம் ஒரே வருடத்தில் சண்டையில் முடிந்திருக்கும். நிலைத்துப் போன வழக்கமெல்லாம் ஞானத்தால் நிலைத்தது என்று சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டலாம்.

அநியாயம் வேறு இடத்தில் இருந்தது. கால்வாயை அடைத்து மறுபடி திறக்கும்போதெல்லாம் முறை மேலப்பத்திலிருந்துதான் தொடங்கும். இரண்டு நாள் தண்ணீர் வந்து நின்றுபோனால் மேலப்பத்தும் நடுப்பத்தும் பாய்ந்திருக்கும், கீழப்பத்து காயும். அடுத்து திறக்கும்போது மறுபடி மேலப்பத்து. ஏன் என்று ஐந்து பேரைத் தனித்தனியாகக் கேட்டேன். பொதுவாக எனக்கு இது ஒரு சோதனை. பழைய வழக்கத்துக்கு ஐந்து பேர் ஐந்து காரணம் சொன்னால், காரணம் பின்னால் வந்தது என்று அர்த்தம். இங்கே ஐவரும் ஒரே காரணம் சொன்னார்கள். கீழப்பத்து பள்ளம், மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் தண்ணீர் போகும்.

2020இல் கொரோனாவால் பஸ் நின்றது. வாழை நின்றுகொண்டிருந்தது, தண்ணீர் குறைவு, முறை வைத்தாக வேண்டும், மாற்றுவதற்கு ஹாரன் இல்லை. எல்லாரிடமும் கைப்பேசி இருக்கிறதே, ஐந்தே முக்கால் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? இரண்டு நாள் அப்படிச் செய்து பார்த்தார்களாம். உன் நேரமா என் நேரமா என்று நிமிடக் கணக்கில் சண்டை. பஸ் அரைமணி பிந்தியபோது வராத கோபம் மூன்று நிமிட வித்தியாசத்தில் வந்தது. கடைசியில் பிள்ளையார் கோவில் திண்ணையில் மூன்று பத்துக்காரர்களும் உட்கார்ந்து பேசினார்கள். கீழப்பத்தையும் வைத்துக்கொண்டு பேசியது அதுதான் முதல் தடவை. சாயங்கால மணியை அடையாளமாக வைப்பது என்று முடிவானது. அந்தச் சாக்கில் கீழப்பத்துப் பெண் ஒருவர், "எதில் நின்றதோ அதிலிருந்து தொடங்குங்கள், நோட்டில் எழுதி வையுங்கள்" என்றாராம். வழக்கம் ஏற்கெனவே அவிழ்ந்து கிடந்த நேரம். மறுப்பதற்கு யாருக்கும் வாய் வரவில்லை.

பிறகு பஸ் வந்தது. மணியை விட்டுவிட்டு ஹாரனுக்கே திரும்பினார்கள். நோட்டு மட்டும் தங்கிவிட்டது. நீர்ப்பாய்ச்சி மடியிலிருந்து எடுத்துக் காட்டினார். நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு, ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறையில்.

ஜூன் 13, மொட்டை மாடியும் வரப்பும்

பள்ளம் என்ற காரணம் என்னைத் தூங்கவிடவில்லை. அது புளுகு என்று நிரூபிக்கும் ஆசை. பக்கத்து வீட்டில் வேலை செய்யும் கொத்தனாரிடம் தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாயை இரவல் வாங்கி, அத்தானைக் கெஞ்சி, வரப்பு வரப்பாக ஆளுக்கொரு முனையைப் பிடித்தோம். நடுப்பத்தைவிடக் கீழப்பத்து நான்கு விரற்கடை தாழ்வு, மேலப்பத்தைவிட ஒரு சாண். பள்ளம்தான்! அத்தான் ரசித்துச் சிரித்தார்.

திரும்பி நடக்கும்போதுதான் உறைத்தது. பள்ளம் உண்மை. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதற்கு அது பதில். யாருடைய வாய்க்காலை முதலில் திறப்பது என்பதற்கு அது பதிலே இல்லை. மற்ற இரண்டு வாய்க்காலையும் அடைத்துவிட்டால் கீழப்பத்துக்கு முதல் நாளே தண்ணீர் போகும், பள்ளம் என்பதால் இன்னும் சுலபமாகவே போகும். புளுகாக இருந்தால் எவராவது எப்போதோ பிடித்திருப்பார்கள். உண்மையான ஒரு பள்ளத்தைக் காட்டியதால்தான் இத்தனை வருடம் ஓடியிருக்கிறது.

மத்தியானம் மேகம் விலகியது. அக்கா மகளும் நானும் மொட்டை மாடியில் நான்கடிக் கம்பு ஒன்றை நேராக நிறுத்தி, நிழல் நுனியைச் சாக்கட்டியால் குறித்தோம். ஜூனில் சூரியன் நமக்கு வடக்கே போவதால் உச்சி நிழல் தெற்கே விழும். அவளுக்கு அதுவே ஆச்சரியம். பன்னிரண்டுக்குப் பிள்ளையார் கோவிலில் உச்சிகாலப் பூசை மணி அடித்தது. நிழல் இன்னும் மேற்கே சாய்ந்துதான் இருந்தது. அது நேர் தெற்கே வந்து ஓரடியாகக் குறுகியபோது பன்னிரண்டு இருபது.

"சூரியன் லேட்டா மாமா?" என்றாள்.

நம் கடிகாரம் அலகாபாத் பக்கம் போகும் 82.5 பாகைத் தீர்க்க ரேகையின் நேரம். இந்த ஊர் அதற்கு ஐந்து பாகை மேற்கே. பாகைக்கு நான்கு நிமிடம், ஆக இருபது. 1900களின் தொடக்கம் வரை ரயில்கள் மெட்ராஸ் நேரத்தில் ஓடின. அதன்படி இங்கே உச்சி சுமார் 12.11. ஒரே நாளில் கடிகாரத்தை ஒன்பது நிமிடம் முன்னே தள்ளினார்கள். கல்கத்தா தன் நேரத்தை 1948 வரையும் பம்பாய் 1955 வரையும் விடவில்லை. சென்னைக்கு வித்தியாசம் குறைவு, சண்டையும் இல்லை, அதனால் இங்கே அது மறந்தே போயிற்று.

சூரியனை யாரும் தள்ளவில்லை, தள்ளவும் முடியாது. எப்போது உச்சி வருகிறது என்பது ஏற்பாடு இல்லை. அதற்குப் பன்னிரண்டு என்று பெயர் வைத்தது மட்டும்தான் ஏற்பாடு. இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டு, எல்லாமே மனிதன் கட்டியதுதான் என்று மேடையில் பேசுபவர்கள் எங்கள் துறையில் உண்டு. அவர்களை மட்டக்குழாயின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்ல வேண்டும்.

ஜூன் 14, திரும்பும் வழி

புறப்படும் முன் மடைக்கு ஒரு முறை போனேன். நீர்ப்பாய்ச்சியின் பேரன், பத்து வயது, நோட்டோடு நின்றான். மூன்று நாள் முன்னே நின்ற முறை நடுப்பத்து என்று படித்துக் காட்டினான். "நோட்டு இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா?" என்று கேட்டேன். அவன் என்னைக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தான்.

"நோட்டு இல்லாமல் எப்படித் தண்ணீர் விட முடியும்?"

பக்கத்தில் அவனுடைய தாத்தா மண்ணை வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. அவர் திருத்துவார் என்று எதிர்பார்த்தேன். வாழைக் கட்டை ஒன்றை வாய்க்காலில் போட்டு அடைத்துவிட்டு, "அதுதானே" என்றார்.

நெல்லை பஸ் வந்தது. கூட்டம். அத்தான் நான் ஏறும்வரை காத்திருக்கவில்லை. தன் தோள் துண்டைச் சுருட்டி ஜன்னல் வழியே உள்ளே வீசிவிட்டார். நான்காவது வரிசை, ஜன்னலோரம். நெரிசலில் உள்ளே போய்ச் சேர்ந்தபோது, கைக்குழந்தைக்காரி ஒருத்தி அந்த இருக்கையருகே துண்டைப் பார்த்தபடி நின்றிருந்தாள். நான் துண்டை எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை.

"ஆள் வருமே, அண்ணே" என்றாள்.